புள்ளியிலிருந்து பரவளையத்துக்கு மிகக் குறைந்த தூரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தர்மபுரியில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலையில் கணக்கு சொல்லித் தருகிறேன். பாலக்கோடு, பென்னாகரம், காரிமங்கலம், அந்தப் பக்கம் காவேரிப்பட்டணம் வரைக்கும் இருந்து வருகிறார்கள். ஊர் எதுவானாலும் இந்தக் கணக்கு வரும்போது கேள்வி ஒன்றுதான். அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, பதிலையும் சேர்த்து வைத்திருக்கிறேன். பெரும்பாலும் y = x² என்ற ஒரே பரவளையத்தை வைத்தே பேசியிருக்கிறேன். அதில் பிடிபட்டுவிட்டால் மற்றவை தானாக வரும்.

சார், பரவளையத்துல எண்ணற்ற புள்ளி இருக்கு. அப்புறம் ஒரு புள்ளிக்கும் அதுக்கும் "தூரம்"னா எந்தத் தூரம்?

எல்லாவற்றிலும் குறைவான தூரம். வெளியே (p, q) என்று ஒரு புள்ளி இருக்கிறது. வளைவரையில் (x, x²) என்று ஒரு புள்ளியை எடுத்து, இரண்டையும் கோட்டால் இணைத்து நீளம் பாருங்கள். x-ஐ நகர்த்தினால் நீளம் மாறும். அந்த நீளம் எந்த x-க்கு மிகக் குறைவோ, அதுதான் நாம் தேடுவது.

ஆகவே இது ஒரே ஒரு மாறியை வைத்த சிறுமக் கணக்கு. வளைவரையின் மேல் இருக்கும் புள்ளிக்கு x, y என்று இரண்டு எண்கள் இருந்தாலும், x தெரிந்தால் y தானாகத் தெரிந்துவிடும். இரண்டு மாறிகளை வைத்துக்கொண்டு திணறுகிறவர்கள், y இருக்கும் இடத்தில் x² என்று எழுதாமல் விட்டவர்களாகத்தான் இருப்பார்கள்.

தூரத்தையே வகையிடாம எதுக்கு அதோட வர்க்கத்தை எடுக்கறோம்? விடை மாறிடாதா?

மாறாது. தூரம் எப்போதும் சுழியோ மிகை எண்ணோதான். அப்படிப்பட்ட இரண்டு எண்களில் எது சிறியதோ, அதன் வர்க்கமும் சிறியதுதான். எனவே தூரம் எந்த இடத்தில் சிறுமமோ, அதே இடத்தில் தூரத்தின் வர்க்கமும் சிறுமம். வர்க்கத்தை D என்று எழுதினால் D = (x − p)² + (x² − q)². இது வெறும் பல்லுறுப்புக் கோவை. இரண்டே வரியில் வகையிட்டு விடலாம்.

வர்க்கமூலத்தோடு வகையிட்டாலும் தப்பில்லை. d = √D என்றால் d′ = D′ / (2√D). பின்னம் சுழியாக வேண்டுமானால் தொகுதி D′ சுழியாக வேண்டும். அப்படி வரும் சமன்பாடு ஒன்றேதான், கீழே ஒரு வர்க்கமூலத்தைச் சுமந்துகொண்டு போகிறோம், அவ்வளவே. இன்னொரு சிக்கலும் உண்டு. கொடுத்த புள்ளி பரவளையத்தின் மேலேயே இருந்தால் அங்கே D = 0. அப்போது பகுதி சுழியாகி d′ இல்லாமலே போய்விடும். வர்க்கத்துக்கு இந்தத் தொல்லை கிடையாது.

கடைசியில் மட்டும் ஒன்றை மறக்கக் கூடாது. கேள்வி தூரத்தைக் கேட்டால் D-க்கு வர்க்கமூலம் எடுத்துத்தான் விடை எழுத வேண்டும். D = 5 என்று நிறுத்திவிட்டு வருகிறவர்கள் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள்.

ஒரு கணக்கை ஆரம்பத்துலேருந்து முழுசா போட்டுக் காட்டுங்க சார்.

வகுப்பில் நான் கொடுக்கும் கணக்கையே எடுத்துக்கொள்வோம். காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு மாந்தோப்பு. அதை ஒட்டிப் போகும் சாலை y = x² வடிவில் வளைகிறது. வளைவின் முனைதான் ஆதிப்புள்ளி, ஒரு அலகுக்கு 100 மீட்டர். கிணறு (3, 0)-இல் இருக்கிறது. கிணற்றிலிருந்து சாலை ஓரத்துத் தொட்டிக்குக் குழாய் போட வேண்டும். தொட்டியைச் சாலை ஓரத்தில் எங்கே வைத்தாலும் சரி என்றால், குழாய் மிகக் குறைவாகப் பிடிக்கும் இடம் எது?

D = (x − 3)² + (x²)² = x⁴ + x² − 6x + 9. வகையிட்டால் D′ = 4x³ + 2x − 6. இதைச் சுழிக்குச் சமப்படுத்தி 2-ஆல் வகுத்தால் 2x³ + x − 3 = 0. x = 1 போட்டுப் பார்த்தால் 2 + 1 − 3 = 0. எனவே (x − 1) ஒரு காரணி. வகுத்தால் (x − 1)(2x² + 2x + 3) = 0. அடைப்புக்குள் இருக்கும் இருபடிக்குத் தன்மைகாட்டி 4 − 24, அதாவது குறை எண். மெய் மூலம் இல்லை. ஆக x = 1 ஒன்றுதான் மாறுநிலை எண்.

புள்ளி (1, 1). D = 4 + 1 = 5. தூரம் √5 அலகு, சுமார் 2.236. மீட்டரில் கிட்டத்தட்ட 224. வளைவின் முனைக்கே குழாயைக் கொண்டு போயிருந்தால் 300 மீட்டர் பிடித்திருக்கும்.

D′ = 0 வந்தா அது சிறுமம்தான்னு எப்படி நம்பறது? பெருமமா இருந்துட்டா?

x வலப்பக்கமோ இடப்பக்கமோ வெகுதூரம் போனால் D-இல் இருக்கும் x⁴ எல்லாவற்றையும் மீறி வளரும். அதாவது இரண்டு பக்கமும் D முடிவிலியை நோக்கி ஏறுகிறது. நடுவில் எங்கும் அறுபடாத, எங்கும் வகையிடத்தக்க சார்பு. இப்படிப்பட்டது எங்கோ ஓரிடத்தில் தன் மீச்சிறு மதிப்பைத் தொட்டே ஆக வேண்டும், தொடும் இடத்தில் D′ = 0 ஆகியே ஆக வேண்டும். மேலே உள்ள கணக்கில் மாறுநிலை எண் ஒன்றே ஒன்று. ஆகவே அதுவே மீச்சிறு இடம். இந்த ஒரு வரியை எழுதினாலே காரணம் முழுமையாகிவிடும்.

இரண்டாம் வகைக்கெழு வைத்தும் பார்க்கலாம். அந்தக் கணக்கில் D″ = 12x² + 2, எங்கும் மிகை எண். ஆனால் எல்லாக் கணக்கிலும் இது இவ்வளவு சுலபமாக இருக்காது. எப்போது சிக்கும் என்பது பின்னால் வருகிறது. மீப்பெரு தூரம் என்று ஒன்று கிடையாது என்பதும் இதிலேயே தெரிகிறது, வளைவரையில் போகப் போகத் தூரம் வளர்ந்துகொண்டே இருக்கும்.

பரீட்சை ஹால்ல விடை சரியான்னு சட்டுனு பாக்க ஏதாவது வழி இருக்கா?

இருக்கிறது. கண்டுபிடித்த புள்ளியில் தொடுகோட்டின் சாய்வைப் பாருங்கள். பிறகு கொடுத்த புள்ளிக்கும் அதற்கும் நடுவே போட்ட கோட்டின் சாய்வைப் பாருங்கள். இரண்டின் பெருக்கல் −1 வர வேண்டும். கிணற்றுக் கணக்கில் (1, 1)-இல் தொடுகோட்டின் சாய்வு 2x = 2. (3, 0)-க்கும் (1, 1)-க்கும் நடுவே சாய்வு (1 − 0)/(1 − 3) = −1/2. பெருக்கினால் −1. சரி.

இது தற்செயல் இல்லை. D′-ஐ விரிக்காமல் எழுதிப் பாருங்கள்: D′ = 2(x − p) + 2(y − q)·y′. இது சுழி என்றால் (y − q)/(x − p) × y′ = −1. D′ = 0 என்று எழுதுவதும், இணைக்கும் கோடு வளைவரைக்குச் செங்கோடு என்று சொல்வதும் ஒரே செய்திதான். பழைய கிரேக்கக் கணித அறிஞர் அப்பல்லோனியஸ், வகைக்கெழு என்பதே இல்லாத காலத்தில், கூம்பு வெட்டிகளுக்குப் போடும் மிகக் குறுகிய கோடுகளை ஆராய்ந்தே செங்கோடுகளைக் கண்டார்.

இந்தச் சோதனைக்கு ஓர் எல்லை உண்டு. செங்கோடாக இருப்பதால் மட்டும் அது மிகக் குறைந்த தூரம் ஆகிவிடாது. D′ = 0 ஆகும் எல்லா இடத்திலும் செங்கோடு வரும், அது பெருமமாகவே இருந்தாலும் சரி. கூட்டல் கழித்தல் பிழையைப் பிடிக்க மட்டும் இதைப் பயன்படுத்துங்கள். முனையில் தொடுகோடு கிடைக்கோடு, அங்கே செங்கோடு நிமிர்ந்து நிற்கும், அதனால் சாய்வுகளைப் பெருக்க முடியாது. படம் போட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

நேரா மேலயோ பக்கவாட்டுலயோ கோடு போட்டா வளைவரை வந்துடுதே. அதுதானே கிட்டத்துல இருக்கும்?

(2, 1) என்ற புள்ளியை எடுத்துச் சோதிப்போம். நேராக மேலே போனால் (2, 4), தூரம் 3. பக்கவாட்டில் இடப்பக்கம் போனால் (1, 1), தூரம் 1. பார்க்க அழகான விடை, அதனால்தான் பலர் இதிலேயே நின்றுவிடுகிறார்கள். ஆனால் (1, 1)-இல் தொடுகோட்டின் சாய்வு 2, இணைக்கும் கோடோ கிடைக்கோடு. செங்கோடு இல்லை. அப்படியானால் வளைவரையில் கொஞ்சம் நகர்ந்தால் இன்னும் கிட்டத்தில் வர இடம் இருக்கிறது என்று பொருள்.

D′ போட்டால் 4x³ − 2x − 4 = 0, அதாவது 2x³ − x − 2 = 0. முழு எண்ணோ பின்னமோ எதைப் போட்டாலும் சுழி வராது. பாடநூல் கணக்குகளில் எண்களைப் பொறுக்கி எடுத்துக் கொடுப்பதால்தான் மூலம் 1, 2 என்று வருகிறது. வெளியே அப்படி அமையாது. இங்கே நியூட்டன் முறை உதவும்: f = 2x³ − x − 2, f′ = 6x² − 1, அடுத்த x = x − f/f′. x = 1-இல் தொடங்கினால் f = −1, f′ = 5, அடுத்தது 1.2. அதற்கடுத்தது 1.1665. அதற்கும் அடுத்தது 1.1654. அதற்குமேல் நான்காவது தசம இடம் அசையாது.

x ≈ 1.1654 என்றால் y ≈ 1.358. தூரம் சுமார் 0.908. பக்கவாட்டுத் தூரமான 1-ஐ விடப் பத்தில் ஒரு பங்கு குறைவு.

y² = 2x-னு பக்கவாட்டுல திரும்பின பரவளையம் கொடுத்தா x-ஐ வச்சுப் போடணுமா, y-ஐ வச்சா?

y-ஐ வைத்து. x-ஐ வைத்தால் y = ±√(2x) என்று இரண்டாகப் பிரியும், எந்தக் குறி என்ற கவலை வேறு. y-ஐ வைத்தால் x = y²/2 என்று ஒரே மூச்சில் வரும்.

(1, 4)-க்கு அருகில் உள்ள புள்ளியைக் கேட்டால் D = (y²/2 − 1)² + (y − 4)². D′ = 2y(y²/2 − 1) + 2(y − 4) = y³ − 2y + 2y − 8 = y³ − 8. ஆக y = 2, x = 2, தூரம் √5. எந்த எழுத்துக்கு வர்க்கம் இருக்கிறதோ அந்த எழுத்தையே மாறியாக வைத்துக்கொள்ளுங்கள். அதை மீறினால் என்ன ஆகும் என்பதுதான் அடுத்த கேள்வி.

(0, 2)-க்கு y-ஐ வச்சு போட்டேன், விடை சரியா வந்துச்சு. அதே மாதிரி (0, 1/4)-க்கு போட்டா y = −1/4 வருது. வளைவரைல குறை y-யே கிடையாதே! எங்க தப்பு?

இந்தப் பக்கத்தில் மிகவும் முக்கியமான கேள்வி இதுதான். முதலில் கேட்டவர் செய்ததை அப்படியே எழுதுகிறேன். y = x² என்பதால் x²-க்குப் பதில் y போட்டால், (0, c)-க்கு D = y + (y − c)². y-ஐ வைத்து வகையிட்டால் 1 + 2(y − c) = 0, y = c − 1/2. c = 2 என்றால் y = 3/2, தூரம் √(7/4) ≈ 1.32. சரியான விடை. c = 1/4 என்றால் y = −1/4. பரவளையம் முழுவதும் x அச்சுக்கு மேலேதான் இருக்கிறது, அப்படியொரு புள்ளியே அதில் இல்லை.

இயற்கணிதத்தில் ஒரு தப்பும் இல்லை. விட்டுப்போனது எல்லை. x-ஐ மாறியாக வைத்தால் அது எந்த மெய்யெண்ணாகவும் இருக்கலாம். y-ஐ வைத்த நொடியிலேயே y ≥ 0 என்ற வேலி வந்துவிடுகிறது. வேலி இருந்தால் மீச்சிறு மதிப்பு உள்ளேயும் இருக்கலாம், வேலி ஓரத்திலும் இருக்கலாம். ஓரத்தில் இருக்கும்போது வகைக்கெழு சுழியாக வேண்டிய கட்டாயம் இல்லை. c = 1/4-க்கு dD/dy = 2y + 1/2. y ≥ 0 உள்ள எல்லா இடத்திலும் இது மிகை எண், அதாவது D ஏறிக்கொண்டே போகிறது. எனவே மிகக் குறைவு தொடக்கத்தில், y = 0-இல். D = 1/16, தூரம் 1/4, அருகில் உள்ள புள்ளி முனையேதான்.

x-ஐ வைத்துப் போட்டால் இந்தப் பள்ளம் வராது. D = x² + (x² − c)², D′ = 2x(2x² + 1 − 2c). இங்கே x = 0 என்ற மூலம் கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. y-ஐ வைத்து வகையிட்டபோது தொலைந்து போனது அந்த 2x தான். சங்கிலி விதிப்படி dD/dx = (dD/dy)·2x. காரணி ஒன்றை மறந்தால் அதன் மூலமும் கூடவே மறைந்துவிடும். y-ஐ வைத்தே போட வேண்டுமென்றால் போடுங்கள், ஆனால் y = 0-ஐயும் தனியாகச் சோதித்துவிடுங்கள்.

(0, 1/4) இந்தப் பரவளையத்தின் குவியம். அதனால் வகைக்கெழுவே இல்லாமலும் சரிபார்க்கலாம். வளைவரையில் எந்தப் புள்ளியானாலும் குவியத்துக்கு இருக்கும் தூரமும் y = −1/4 என்ற இயக்குவரைக்கு இருக்கும் தூரமும் சமம். இயக்குவரைக்கு உள்ள தூரம் y + 1/4. அது மிகக் குறைவது y = 0-இல்தான்.

அப்போ அச்சு மேல இருக்கற புள்ளிக்கு சில சமயம் முனை கிட்ட, சில சமயம் ரெண்டு பக்கமும் ரெண்டு புள்ளி கிட்ட. எது எப்போன்னு எப்படித் தெரியும்?

c = 1/2 தான் எல்லை. மேலே உள்ள 2x² + 1 − 2c = 0 என்பதை x² = c − 1/2 என்று எழுதுங்கள். c > 1/2 ஆனால்தான் x-க்குச் சுழியல்லாத மதிப்பு கிடைக்கும். அப்போது x = ±√(c − 1/2) என்று இரண்டு புள்ளிகள், இரண்டுக்கும் ஒரே தூரம், D = c − 1/4. முனைக்கு உள்ள தூரம் அதைவிடக் கூடுதல். (0, 2)-க்கு முனை 2 அலகு, மற்ற இரண்டும் 1.32 அலகு. c ≤ 1/2 என்றால் முனை ஒன்றே அருகில் உள்ள புள்ளி.

அரை ஏன் எல்லையானது என்பதை D-ஐ விரித்தால் தெளிவாகப் பார்க்கலாம்: D = c² + x² − 2c·x² + x⁴. முனையிலிருந்து கொஞ்சம் நகர்ந்தால் இரண்டு காரியம் நடக்கிறது. பக்கவாட்டில் விலகுவதால் x² கூடுகிறது. வளைவரை மேலே ஏறி நம்மை நோக்கி வருவதால் 2c·x² குறைகிறது. x மிகச் சிறியதாக இருக்கும்போது x⁴ கணக்கில் சேராது. 2c ஒன்றை விடப் பெரிதானால் ஏறியதால் வரும் லாபம் விலகியதால் வரும் நஷ்டத்தை மிஞ்சும், முனையை விட்டு நகர்வதே குறுக்குவழியாகும். 2c ஒன்றை விடச் சிறிதானால் நகர்வது நஷ்டம்.

கிண்ணத்தில் உருண்டை போடுவது போல இதை நினைத்துக்கொள்ளலாம். சின்ன உருண்டை அடியைத் தொட்டு உட்காரும். பெரிய உருண்டை அடிக்குப் போகாமல் இரண்டு பக்கச் சுவரிலும் முட்டி நிற்கும். அடியைத் தொடக்கூடிய மிகப் பெரிய உருண்டையின் ஆரம், அடியில் உள்ள வளைவு ஆரம். y = x²-க்கு முனையில் அது 1/2. y² = 4ax-க்கு 2a. அதாவது (k, 0) என்ற புள்ளிக்கு k ≤ 2a வரை முனைதான் அருகில். குவியம் k = a-இல் இருப்பதால் அது எப்போதும் இந்த எல்லைக்குள் அடங்கிவிடும்.

c = 1/2-ஏ கொடுத்துட்டா? x = 0-ல D″-உம் சுழி வருதே.

ஆமாம், D″ = 12x² + 2 − 4c என்பதால் அங்கே சுழி. இரண்டாம் வகைக்கெழுச் சோதனை வாய் திறக்காது. சுழி வந்துவிட்டது, ஆகவே சிறுமமும் இல்லை பெருமமும் இல்லை என்று முடிவு கட்டுவதுதான் இங்கே வழக்கமான தப்பு. D-ஐயே எழுதிப் பாருங்கள்: x² + (x² − 1/2)² = x⁴ + 1/4. இதைவிடத் தெளிவு வேண்டுமா? x = 0-இல் மிகக் குறைவு, தூரம் 1/2. D′ = 4x³ இடப்பக்கம் குறை, வலப்பக்கம் மிகை என்று குறி மாறுவதைக் காட்டினாலும் போதும்.

c > 1/2 என்றால் x = 0-இல் D″ குறை எண். அதாவது முனை அங்கே இடஞ்சார்ந்த பெருமம். அங்கேயும் செங்கோடு வருகிறது, ஆனால் தூரம் சிறுமம் இல்லை. செங்கோட்டுச் சோதனைக்கு எல்லை உண்டு என்று முன்பு சொன்னது இதைத்தான்.

அச்சு மேல இல்லாத புள்ளிக்கு மூணு மூலமும் மெய்யா வந்துடுச்சு. எதை எடுத்துக்கறது? மூணுக்கும் தூரம் போட்டுப் பாக்கணுமா?

போட்டுப் பார்க்கலாம், எந்தத் தவறும் வராது. (3, 15/4) என்ற புள்ளிக்கு D′ = 4x³ − 13x − 6. மூலங்கள் 2, −1/2, −3/2. x = 2-இல் D = 1 + 1/16 = 1.0625. x = −1/2-இல் D = 12.25 + 12.25 = 24.5. x = −3/2-இல் D = 20.25 + 2.25 = 22.5. ஆக அருகில் உள்ள புள்ளி (2, 4), தூரம் சுமார் 1.03. இடப்பக்கத்துக் கையில் −3/2 ஓர் இடஞ்சார்ந்த சிறுமம், −1/2 ஓர் இடஞ்சார்ந்த பெருமம். −3/2-இல் D″ மிகை எண்தான். அதை மட்டும் பார்த்து நிறுத்தியிருந்தால் 4.74 என்ற தப்பான தூரத்தை எழுதியிருப்போம்.

ஆனால் மூன்றையும் போட வேண்டிய அவசியமே இல்லை. புள்ளி அச்சுக்கு வலப்பக்கம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம், p > 0. வளைவரையில் இடப்பக்கம் எந்தப் புள்ளி (−x, x²) எடுத்தாலும், அதே உயரத்தில் வலப்பக்கம் (x, x²) இருக்கிறது. உயர வித்தியாசம் ஒன்றே, பக்கவாட்டு வித்தியாசம் மட்டும் வலப்பக்கத்தில் குறைவு. எனவே இடப்பக்கத்துப் புள்ளி ஒருநாளும் வெல்லாது. மிகை மூலத்தை மட்டும் பார்த்தால் போதும்.

மிகை மூலமே இரண்டு மூன்று இருந்தால்? இருக்காது. பொதுச் சமன்பாடு 2x³ + (1 − 2q)x − p = 0. p > 0 என்றால், நடு உறுப்பின் குறி எதுவாக இருந்தாலும் கெழுக்களின் குறி ஒரே ஒரு முறைதான் மாறுகிறது. டெகார்ட்டின் குறி விதிப்படி மிகை மூலம் சரியாக ஒன்று. அந்த ஒன்றுதான் விடை. p < 0 என்றால் இதே வாதம் குறை மூலத்துக்கு. p = 0 என்றால் புள்ளி அச்சின் மேலேயே இருக்கிறது, அது ஏற்கனவே பார்த்த கதை.

எத்தனை மெய் மூலம் வரும்னு கணக்கு போடாமலே சொல்ல முடியுமா?

q ≤ 1/2 என்றால் D″ = 12x² + 2 − 4q எங்கும் குறை எண் ஆகாது, D′ ஏறிக்கொண்டே போகும், ஒரே மூலம். கிணற்றுக் கணக்கு இந்த வகை. q அதைவிடப் பெரிதானால் 2(2q − 1)³-ஐயும் 27p²-ஐயும் ஒப்பிட வேண்டும். முதலாவது பெரிதானால் மூன்று வெவ்வேறு மெய் மூலங்கள், சிறிதானால் ஒன்று. (3, 15/4)-க்கு 549.25-உம் 243-உம், எனவே மூன்று. (2, 1)-க்கு 2-உம் 108-உம், எனவே ஒன்று. இரண்டும் சமமாகும் புள்ளிகளைக் குறித்துக்கொண்டே போனால் (0, 1/2)-இல் கூர்முனை வைத்த ஒரு வளைவரை கிடைக்கும். பரவளையத்தின் வளைவு மையங்கள் எல்லாம் இருப்பது அதன் மேல்தான்.

கிணத்துக் கணக்கை மீட்டர்லயே போட்டேன் சார். புள்ளி (300, 0), y = x². தூரம் 296 மீட்டர்னு வருது. நீங்க 224-னு சொன்னீங்களே?

மீட்டரில் போட்டதில் தப்பில்லை, y = x²-ஐ அப்படியே விட்டதுதான் தப்பு. அந்தச் சமன்பாடு ஒரு அலகு 100 மீட்டர் என்று வைத்து எழுதியது. அலகை மாற்றினால் வளைவரையின் சமன்பாடும் மாற வேண்டும். மீட்டரில் x, y எழுதினால் y/100 = (x/100)², அதாவது y = x²/100. y = x² என்று மீட்டரில் எழுதினால், முனையில் வளைவு ஆரம் வெறும் அரை மீட்டர். அந்த மாதிரிச் சாலையில் சைக்கிள்கூடத் திரும்ப முடியாது. அந்தக் கற்பனைச் சாலைக்குச் சரியான விடைதான் 296.

திருத்தி எழுதினால் D = (x − 300)² + x⁴/10000. D′ = 2(x − 300) + 4x³/10000. x = 100 போட்டால் −400 + 400 = 0. புள்ளி (100, 100), தூரம் √(200² + 100²) = √50000, சுமார் 223.6 மீட்டர். நீளத்தை நீளத்தின் வர்க்கத்துக்குச் சமமாக எழுதும் y = x² போன்ற சமன்பாட்டில் அலகு ஒளிந்திருக்கும். தோட்டத்தில் டேப் பிடித்து அளந்த எண்களை அதில் போடும் முன், வளைவரையின் மேல் அளந்து தெரிந்த ஒரு புள்ளியாவது சமன்பாட்டில் பொருந்துகிறதா என்று பாருங்கள். இங்கே முனையிலிருந்து பக்கவாட்டில் 100 மீட்டர் தள்ளி, சாலை 100 மீட்டர் உள்ளே வளைந்திருக்க வேண்டும். y = x²-இல் 100-ஐப் போட்டால் வருவது 10000 மீட்டர்.